"நேரமில்லை" என்பதன் பொருள்

சென்ற விடுமுறையில் என் ராத்தா கல்விமாணிப் பட்டத்துக்காகச் சிறிய ஆய்வொன்றைச் செய்தார். தரம் 8 விஞ்ஞான வகுப்புகளில் குழுச் செயற்பாடுகள் ஏன் குறைவாக நடக்கின்றன என்பதே அதன் கேள்வி. ஆறு ஆசிரியர்களை நேர்கண்டு, ஒலிப்பதிவுகளைச் சொல்லுக்குச் சொல் எழுதியெடுத்தார். அந்தப் பக்கங்களைக் குறியீடு செய்ய நானும் உதவினேன்.

குறியீடு செய்தல் என்பது, பேச்சின் ஒரு பகுதியை வாசித்து, அதில் சொல்லப்படுவதைச் சிறு தொடராக ஓரத்தில் எழுதுவதாகும். ஒன்றோடொன்று தொடர்புள்ள குறியீடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியவரும் கருத்தே கருப்பொருள். வேர்ஜீனியா பிரவுண், விக்டோரியா கிளார்க் ஆகியோர் 2006 இல் விளக்கிய ஆறு படிமுறைகளையே ராத்தா பின்பற்றினார்.

நான் பதினான்கு இடங்களில் "நேரமின்மை" என்று எழுதியிருந்தேன். கருப்பொருள் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ராத்தா கேள்வித்தாளை எடுத்துக் காட்டினார். "நாங்க என்ன கேட்டோம் எண்டு பார்த்தியா?" என்றார். "நேரம் போதாமை உங்களுக்குத் தடையாக உள்ளதா?" என்று அதில் இருந்தது. நாம் கொடுத்த சொல்லையே ஆசிரியர்கள் திருப்பித் தந்திருந்தார்கள். அத்துடன் "நேரமின்மை" வெறும் தலைப்புத்தான். கருப்பொருள் என்றால் அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும்.

பதினான்கு பகுதிகளையும் வெட்டி, மேசையில் பரப்பி மீண்டும் வாசித்தோம். ஐந்து, உபகரணங்களை எடுத்து வைப்பதிலேயே பாடவேளை முடிவதைப் பற்றியவை. ஆறு, தவணைப் பரீட்சைக்கு முன் பாடத்திட்டத்தை முடிப்பதைப் பற்றியவை. மீதி மூன்றும் வேறு விதமாக இருந்தன. ஓர் ஆசிரியை சொன்னார்: "பிள்ளைகள் சத்தம் போட்டா பக்கத்து வகுப்பு சேர் எட்டிப் பார்ப்பார். உடனே எழுதக் கொடுத்திடுவன். அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

இங்கே தடையாக இருந்தது நேரமல்ல. "சத்தத்துக்கு அஞ்சி எழுதக் கொடுத்தல்" என்று குறியீட்டை மாற்றினோம். புதிய குறியீடு வந்தால் முதற் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தபோது, "நேரம்" என்ற சொல்லே இல்லாத இடங்களிலும் அதே அச்சம் தெரிந்தது. இரண்டு ஆசிரியர்களிடம் கண்டது நான்கு ஆசிரியர்களிடம் இருந்தது. "அமைதியான வகுப்பை வைத்தே தம்மை மற்றவர்கள் மதிப்பிடுவதாக ஆசிரியர்கள் உணர்கிறார்கள்" என்பது கருப்பொருளானது.

அடுத்து, இதற்கு மாறாகப் பேசியவரைத் தேடினோம். ஐந்தாவது ஆசிரியை அதே 40 நிமிடப் பாடவேளையில் வாரந்தோறும் செயற்பாடு செய்விக்கிறார். அவருடைய அதிபர் வகுப்புக்குள் வந்து பிள்ளைகளோடு அமர்வாராம். அவரை விட்டுவிடாமல் சேர்த்தபோது கருத்து இன்னும் தெளிவானது: பார்ப்பவர் சத்தத்தை ஏற்கும் இடத்தில் அச்சம் இல்லை.

ஆறு பேரின் பேச்சைக் கொண்டு எல்லாப் பாடசாலைகளும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் என் முதற் குறியீட்டோடு நிறுத்தியிருந்தால், மேலதிகப் பாடவேளை வேண்டும் என்றே அறிக்கை முடிந்திருக்கும். அந்த ஆசிரியை மேலதிகப் பாடவேளையிலும் எழுதத்தான் கொடுத்திருப்பார்.