உஷார்! பழைய பாலிசியை உடைக்கச் சொல்லும் அந்த ஒற்றைத் தாள்

என் குழுவில் உள்ள ஏஜென்ட்கள் அனைவருக்கும்.

மார்ச் முடிய நாளில்லை. டார்கெட் கழுத்தைப் பிடிக்கிறது. இந்தச் சமயம் பார்த்து ஒரு தாள் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இடப்பக்கம் "பழைய பாலிசி", வலப்பக்கம் "புதிய திட்டம்". இடப்பக்கத்தில் ஒரு சின்னத் தொகை, வலப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் பெரிய தொகை. "சரண்டர் போடுங்க சார், வர்ற பணத்தைப் புதுசுல போட்டுடலாம்" என்று கீழே ஒரு வரி. இதை எந்தக் கஸ்டமரிடமும் காட்டாதீர்கள். ஏற்கெனவே காட்டியிருந்தால், அவர் சரண்டர் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் ஓடிப்போய் நிறுத்துங்கள். சரண்டர் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டால் அந்தப் பாலிசி முடிந்தது. தவணை தவறி லேப்ஸ் ஆன பாலிசிக்கு உயிர்ப்பித்தல் உண்டு, சரண்டர் ஆனதற்குக் கிடையாது.

தாளில் தொகைகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. ஒப்பிட்ட விதத்தில்தான் பொய் ஒளிந்திருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கஸ்டமரின் உண்மையான எண்களைக் கிளையில் வாங்கி இதே மாதிரி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் 2012-ல், முப்பது வயதில், 5 லட்சத்துக்கு 25 ஆண்டு எண்டோவ்மென்ட் பாலிசி எடுத்தார். ஆண்டுக்கு 20,000 ரூபாய் வீதம் 13 தவணை, ஆக 2,60,000 கட்டியிருக்கிறார். போனஸ் ஆயிரத்துக்கு 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இதுவரை சேர்ந்த போனஸ் 2,92,500. பாலிசியைப் பெய்ட்-அப் ஆக்கினால் 25-ல் 13 பங்கு, அதாவது 2,60,000. போனஸையும் கூட்டினால் 5,52,500. ஆனால் இது 2037-ல் கையில் வரும் பணம். இன்றைக்கே வேண்டும் என்றால் மீதி 12 ஆண்டுக்குக் கழிவு போட்டுத்தான் தருவார்கள். அந்தக் கழிவுக்குப் பின் நூற்றுக்கு 45 நிற்கிறது என்று கொள்வோம். சரண்டர் தொகை ஏறத்தாழ 2,48,600. கட்டியதைவிடக் குறைவு!

தாளின் இடப்பக்கத்தில் இருப்பது இந்த 2,48,600. வலப்பக்கத்தில், இந்தப் பணத்தையும் இனிமேல் ஆண்டுக்கு 20,000-ஐயும் புதிய திட்டத்தில் போட்டால் 20 ஆண்டு கழித்து "21 லட்சம்". இன்று உடைத்தால் வருகிற பணத்தை, இருபது ஆண்டு காத்திருந்தால் வருகிற பணத்தோடு பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இது ஒப்பீடே அல்ல.

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பக்கமும் இன்றிலிருந்து தொடங்கி ஒரே ஆண்டில் முடிய வேண்டும். பழைய பாலிசியை 2037 வரை ஓட்டினால் காப்புத்தொகை 5 லட்சம், போனஸ் இதே வீதத்தில் 5,62,500, ஆக 10,62,500. இறுதிக் கூடுதல் போனஸ் அறிவிக்கப்பட்டால் அது தனி. இந்தப் பணத்தையும், அதன்பின் எட்டு ஆண்டுக்கு 20,000 வீதத்தையும், தாளில் எடுத்துக்கொண்ட அதே 8 சதவீதத்தில் வளரவிட்டால் ஏறத்தாழ 22 லட்சம் வருகிறது. 21-ஐக் காட்டி 22-ஐ விடச் சொல்கிறோம்!

அந்த 8 சதவீதம் எங்கிருந்து வந்தது? புதிய திட்டத்தின் பலன் விளக்கப்படத்தில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு கணக்கு காட்ட வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. அவை வெறும் அனுமானம். நிறுவனம் தன் முதலீட்டில் ஈட்டுவதாக எடுத்துக்கொள்ளும் வீதம் அது, கஸ்டமர் கைக்கு வருவது கமிஷனும் செலவும் ஆயுள் காப்புக்கான கட்டணமும் போன பிறகு. தாளைத் தயாரித்தவர் 4 சதவீதப் பத்தியை வெட்டி எறிந்துவிட்டு, 20,000-ஐ நேரடியாக 8 சதவீதத்தில் வளர்த்திருக்கிறார். விளக்கப்படத்தில் பாதியைக் காட்டுவதும் தவறான தகவல் தருவதும் ஒன்றுதான்.

இதுவரை பணம். என் தூக்கம் கெடுவது அடுத்த விஷயத்தில்.

மேலே சொன்னவருக்கு 38 வயதில் சர்க்கரை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாலிசிக்கு மூன்று ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி, அந்த மூன்று ஆண்டுக்குப் பிறகு எந்தக் காரணத்தைச் சொல்லியும் அந்தப் பாலிசியை நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. அவர் இன்றைக்கே இறந்தாலும் 5 லட்சமும் சேர்ந்த போனஸும், ஆக 7,92,500, வீட்டுக்குப் போகும். புதிய பாலிசியில் இந்த மூன்று ஆண்டு முதலிலிருந்து எண்ணப்படும். தற்கொலை விலக்குக்கான 12 மாதமும் அப்படியே. இப்போது ப்ரொபோசல் படிவத்தை அவசரமாக நிரப்புகிறோம். "சர்க்கரை உண்டா?" என்ற கேள்விக்கு, மெடிக்கல் இழுக்கும் என்று பயந்து "இல்லை" என்று நம் கையாலேயே எழுதுகிறோம். இரண்டாம் ஆண்டில் அவர் போய்விட்டால், க்ளைம் விசாரணைக்கு வருபவர் முதலில் கேட்பது பழைய மருந்துச் சீட்டுகளைத்தான். அவர் மனைவியிடம் அப்போது என்ன சொல்வீர்கள்? உடைக்காமல் இருந்திருந்தால் சிக்கலே இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று நமக்குள் மறைக்க வேண்டாம். புதுப்பித்தல் தவணையில் கிடைக்கும் கமிஷன் சிறியது, முதலாண்டுக் கமிஷன் பெரியது. அதிலும் ஏஜென்ட் விலகிப்போன ஆர்ஃபன் பாலிசி என்றால், ஓடிக்கொண்டிருப்பதில் புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் லாபமில்லை, உடைத்தால்தான் லாபம். அதனால்தான் அந்தத் தாள் முதலில் ஆர்ஃபன் பாலிசிக்காரர்களைத் தேடிப் போகிறது. பழைய பாலிசியை முடிக்க வைத்து மூன்று ஆண்டுக்குள் அதே ஆளிடம் புதியதைக் கொடுப்பது முகவர் நடத்தை விதிகளில் தடை செய்யப்பட்டது. மாட்டமாட்டோம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சரண்டர் பணம் போன மாதமும் புதிய ப்ரொபோசல் வந்த மாதமும் ஒன்றாக இருந்தால், மனைவி பேரில் போட்டிருந்தாலும், முகவரி ஒன்று, வங்கிக் கணக்கு ஒன்று, எளிதில் பிடிபடும். "ஏற்கெனவே உள்ள பாலிசிகள்: இல்லை" என்று படிவத்தில் எழுதுவது இன்னும் மோசம், அந்தப் பொய்யில் கஸ்டமரின் கையெழுத்தையும் சேர்த்து மாட்டிவிடுகிறோம். சரண்டர் போடாமல் பாலிசி லோன் எடுக்க வைத்து, அதில் புதிய ப்ரீமியம் கட்ட வைப்பதும் இதே வேலைதான், வட்டி மட்டும் கூடுதல்.

எந்தப் பாலிசியையும் எப்போதும் உடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுத்து ஓராண்டு, இரண்டாண்டுதான் ஆகியிருக்கிறது, ப்ரீமியம் கட்டவே வழியில்லை என்றால் கணக்கு வேறு மாதிரி வரலாம். காப்பு போதவில்லை என்றால், பழையதைத் தொடாமல் மேலே ஒரு டேர்ம் பாலிசி சேர்க்கச் சொல்லுங்கள். பணமுடை என்றால் பெய்ட்-அப், இல்லையென்றால் லோன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உடைப்பதுதான் கஸ்டமரின் முடிவென்றால், புதிய பாலிசி கையில் வரும்வரை பழையதைச் சரண்டர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். உடல்நிலையைக் காட்டிப் புதியது மறுக்கப்பட்டால், பழையதாவது இருக்கும்.

தாளைக் காட்டி ஏற்கெனவே புதிய பாலிசி கொடுத்துவிட்டீர்களா? பாலிசி பத்திரம் கிடைத்த 30 நாளுக்குள் ஃப்ரீ லுக் உரிமையில் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். கமிஷன் திரும்பிப் போகும், போகட்டும். கஸ்டமரே ஆம்பட்ஸ்மேனிடம் போனால் அந்த வாட்ஸ்அப் தாளே சாட்சியாக நிற்கும்.

இந்த மாதம் முதல், கடந்த ஆறு மாதத்தில் சரண்டர் போட்ட வீட்டிலிருந்து வரும் எந்த ப்ரொபோசலுடனும், பழைய பாலிசியின் சரண்டர் தொகை, இன்று இறந்தால் கிடைப்பது, முதிர்வில் கிடைப்பது ஆகிய மூன்றையும் கிளையில் வாங்கிய எண்களோடு எழுதி, கஸ்டமர் கையெழுத்துடன் ஒரு தாள் இணைக்க வேண்டும். அது இல்லாத ப்ரொபோசலில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.