அரைவட்டச் சதுரமும் ஐந்தில் இரண்டும்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். ஒரு வட்டத்துக்குள் வரையக்கூடிய மிகப் பெரிய சதுரத்துக்கும், அதே ஆரம் கொண்ட அரைவட்டத்துக்குள் வரையக்கூடிய மிகப் பெரிய சதுரத்துக்கும் உள்ள பரப்பளவு விகிதம் என்ன? கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 2 : 1 கட்டாயம் இருக்கும். வட்டத்தில் பாதிதானே அரைவட்டம், சதுரமும் பாதியாகத்தானே இருக்கும் என்று பலர் அதில் போய் விழுவார்கள். சரியான விடை 5 : 2. அதாவது அரைவட்டத்துச் சதுரம் முழு வட்டத்துச் சதுரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். பாதிக்கும் குறைவு.

விடையை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் இந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் நின்று பார்த்தால் கணக்கு சுவாரசியமாகிறது. கையில் ஒரு கவராயமும் அளவுகோலும் இருந்தால் போதும். ஆரத்தை 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம் அதில் அடங்கிவிடும். எண்களும் அழகாக வரும்.

முதலில் முழு வட்டம். அதற்குள் இருக்கும் எந்தச் சதுரத்தின் மூலைவிட்டமும் வட்டத்தின் விட்டத்தைவிட நீளமாக இருக்க முடியாது, ஏனென்றால் வட்டத்துக்குள் வைக்கக்கூடிய மிக நீளமான கோடே விட்டம்தான். எனவே மிகப் பெரிய சதுரத்தின் மூலைவிட்டம் 20 செ.மீ. பக்கத்தை a என்று கொண்டால், பிதாகரஸ் தேற்றப்படி

a² + a² = 400

பரப்பளவு 200 சதுர செ.மீ., பக்கம் சுமார் 14.14 செ.மீ. வட்டத்துக்குள் சதுரம் அமைக்கும் முறையை யூக்ளிட் தன் நூலின் நான்காம் புத்தகத்திலேயே கொடுத்துவிட்டார்: ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு விட்டங்களை வரைந்து, அவற்றின் நான்கு முனைகளையும் வரிசையாக இணைத்தால் தீர்ந்தது வேலை.

இப்போது அரைவட்டம். சதுரத்தின் ஒரு பக்கத்தை விட்டத்தின் மேல் படுக்கவைத்து, மேல் மூலைகள் இரண்டும் வில்லைத் தொடும்படி வளர்க்கிறோம். பாடப்புத்தகங்கள் மையத்திலிருந்து மேல் மூலைக்கு ஒரு கோடு இழுத்து, அரைப் பக்கம், முழுப் பக்கம், ஆரம் என்று ஒரு செங்கோண முக்கோணம் அமைத்துக் கணக்கிடும். அதில் தவறு எதுவும் இல்லை. எனக்குப் பிடித்தது வேறு வழி. அந்த விட்டத்தின் மேல் ஒரு கண்ணாடியை நிறுத்திப் பாருங்கள். அரைவட்டம் முழு வட்டமாகிறது. சதுரத்துக்குக் கீழே அதேபோல் இன்னொரு சதுரம் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால் a அகலமும் 2a உயரமும் கொண்ட ஒரு செவ்வகம். அதன் நான்கு மூலைகளும் முழு வட்டத்தின் மேல் இருக்கின்றன. எனவே அதன் மூலைவிட்டமும் அதே 20 செ.மீ.தான்.

a² + (2a)² = 400

ஐந்து a² சேர்ந்து 400 என்றால் ஒரு a² என்பது 80. அவ்வளவுதான். முழு வட்டத்தில் 1 + 1 = 2 கொண்டு வகுத்தோம், அரைவட்டத்தில் 1 + 4 = 5 கொண்டு வகுக்கிறோம். 200-க்கு 80, அதாவது 5-க்கு 2. ஒரே வட்டத்துக்குள் ஒற்றைச் சதுரத்தை வைப்பதா, ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைச் சதுரத்தை வைப்பதா என்பதுதான் வேறுபாடு.

இங்கே ஒரு சறுக்கல் உண்டு. 5 : 2 என்பது பரப்பளவுக்கான விகிதம். கேள்வியில் பக்கத்தைக் கேட்டிருந்தால் இரண்டுக்கும் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 80-இன் வர்க்கமூலம் சுமார் 8.94. ஆக 14.14 செ.மீ. பக்கத்துக்கு எதிரே 8.94 செ.மீ., அதாவது ஏறக்குறைய 63 சதவீதம். அவசரத்தில் 14.14-ஐ ஐந்தில் இரண்டாக்கினால் 5.66 வரும். அதைத் தாளில் வரைந்து பார்த்தால், மேல் மூலைகளுக்கும் வில்லுக்கும் நடுவே தாராளமாக இடம் காலியாகக் கிடப்பது கண்ணுக்கே தெரியும்.

இதுவரை செய்ததில் ஓர் ஓட்டை இருக்கிறது. சதுரம் விட்டத்தின் மேல் படுத்திருக்கிறது என்று நாமே முடிவுகட்டிக்கொண்டோம். சாய்த்து வைத்தால் இன்னும் பெரியதாக வராதா? 'மிகப் பெரிய' என்று கேள்வி சொல்கிறது. விடைப் புத்தகங்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு மூலையை மையத்தில் ஊன்றி, எதிர் மூலை வில்லின் உச்சியைத் தொடும்படி நிமிர்த்தினால் மூலைவிட்டம் 10 செ.மீ.தான், பரப்பளவு 50-க்கு இறங்கிவிடும். ஆனால் ஒரு சாய்வைப் பார்த்துவிட்டு எல்லாச் சாய்வுகளுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 20 பாகை, 7 பாகை, மையத்தைவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிய நிலை என்று எண்ணற்ற நிலைகள் உண்டு.

அத்தனையையும் ஒரே வீச்சில் அடக்க வழி இருக்கிறது. அரைவட்டத்துக்குள் எப்படி வேண்டுமானாலும் ஒரு சதுரத்தை வையுங்கள். அந்தச் சதுரத்தின் நான்கு பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் ஒரு சிறு வட்டத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதன் ஆரம் பக்கத்தில் பாதி. சதுரமே விட்டத்துக்கு மேலே இருப்பதால் இந்தச் சிறு வட்டமும் மேலேதான் இருக்க வேண்டும். எனவே சதுரத்தின் நடுப்புள்ளி விட்டத்திலிருந்து குறைந்தது அரைப் பக்க உயரத்திலாவது இருக்கும். அரைவட்டத்தின் மையமும் விட்டத்தின் மேல்தான் இருக்கிறது. ஆகவே அந்த மையத்திலிருந்து நடுப்புள்ளிக்கு உள்ள தூரமும் அரைப் பக்கத்துக்குக் குறையாது.

அடுத்து, அரைவட்ட மையத்திலிருந்து சதுரத்தின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுத்து, அதை அப்படியே மேலே நீட்டுங்கள். நடுப்புள்ளியில் நின்று பார்த்தால் சதுரத்தின் மூலைகள் 90 பாகைக்கு ஒன்றாக நான்கு திசைகளில் இருக்கின்றன. ஆகவே நீட்டிய கோட்டிலிருந்து 45 பாகைக்குள் ஏதாவது ஒரு மூலை இருந்தே தீரும். அந்த மூலை கோட்டை நெருங்க நெருங்க, அரைவட்ட மையத்திலிருந்து அதன் தூரம் கூடும். நடுப்புள்ளி விலகினாலும் தூரம் கூடும். அப்படியானால் அந்த மூலை மையத்துக்கு மிக அருகில் வரக்கூடிய நிலை ஒன்றே ஒன்று: நடுப்புள்ளி சரியாக அரைப் பக்கத் தூரத்தில், மூலை சரியாக 45 பாகையில். அது நாம் வரைந்த அதே படுத்த சதுரம். அதில் மூலையின் தூரம், அரைப் பக்கத்தையும் முழுப் பக்கத்தையும் இரு கரங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம். அந்தத் தூரம் 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்றால் பரப்பளவு 80-க்கு மேல் போக முடியாது. வேறு எந்த நிலையில் வைத்தாலும் அதே அளவுச் சதுரத்தின் ஒரு மூலை வில்லுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிடும்.

வரைவதற்கு 8.94 என்று அளவுகோலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டியதில்லை. விட்டத்தின் ஒரு முனையில் விட்டத்தின் நீளத்துக்கே, அதாவது 20 செ.மீ.க்கு, ஒரு செங்குத்துக் கோடு எழுப்புங்கள். அதன் நுனியை மையத்தோடு இணையுங்கள். இந்தக் கோடு வில்லை வெட்டும் இடம்தான் சதுரத்தின் மேல் மூலை. மையத்திலிருந்து பக்கவாட்டில் 10 செ.மீ. போகும்போது 20 செ.மீ. ஏறுகிற கோடு இது; சதுரத்தின் மூலையும் அரைப் பக்கம் தள்ளி, ஒரு பக்கம் மேலே இருக்கிறது. இரண்டிலும் ஏற்றம் இரட்டிப்பு. அங்கிருந்து விட்டத்துக்கு ஒரு செங்குத்து இறக்கி, மறுபக்கமும் அதையே செய்தால் சதுரம் தயார்.

முழு வட்டத்தில் பழகிய கை இங்கே 45 பாகையில் கோடு போட்டுவிடும். அப்படிப் போட்டால் கிடைப்பது 14.14 செ.மீ. அகலமும் 7.07 செ.மீ. உயரமும் கொண்ட செவ்வகம். பாகைமானி வைத்துப் பார்த்தால், சரியான கோடு ஏறத்தாழ அறுபத்து மூன்றரைப் பாகையில் நிற்க வேண்டும்.

அந்தத் தவறான செவ்வகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பரப்பளவு 100. சதுரத்தின் 80-ஐவிட அதிகம். அரைவட்டத்தில் விட்டத்தின் மேல் நிற்கும் செவ்வகங்களிலேயே மிகப் பெரியதும் அதுதான். காரணம் மறுபடியும் கண்ணாடிதான். அரைவட்டத்துச் செவ்வகத்தை இரட்டித்தால் முழு வட்டத்துச் செவ்வகம் ஆகிறது. முழு வட்டத்தில் செவ்வகங்களுக்குள் மிகப் பெரியது சதுரம். அதைப் பாதியாக்கினால் இந்த 14.14-க்கு 7.07. முழு வட்டம் இயல்பாகவே சதுரத்தைக் கொடுக்கிறது. அரைவட்டத்திடம் சதுரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 20 சதுர செ.மீ. கைவிட்டுப் போகிறது.

பலகை அறுப்பவருக்கு இது காசு. 20 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பலகையை முதலில் நடுவே பிளந்துவிட்டுப் பிறகு சதுரம் எடுத்தால், ஒவ்வொரு பாதியிலும் 80, மொத்தம் 160. பிளக்காமல் எடுத்திருந்தால் 200. ஒரே ஒரு வெட்டில் 40 போய்விட்டது.

சரி, அந்தப் பாதிகளையும் மறுபடி பாதியாக்கி, நான்கு கால்வட்டங்களாகப் பிளந்துவிட்டால்? இன்னும் நஷ்டம் என்றுதான் தோன்றும். ஆனால் கால்வட்டத்தில் மிகப் பெரிய சதுரம், ஒரு மூலையை மையத்தில் வைத்து எதிர் மூலை வில்லைத் தொடும் சதுரம். அதன் மூலைவிட்டம் ஆரத்துக்குச் சமம், 10 செ.மீ.; பரப்பளவு 50. நான்கு துண்டுகளிலும் சேர்த்து 200. ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. முழு வட்டத்துச் சதுரத்தை மையம் வழியாக, அதன் பக்கங்களுக்கு இணையாக ஒரு முறை வெட்டினால் இரண்டு செவ்வகங்கள். அதற்குச் செங்குத்தாக இன்னொரு முறை வெட்டினால் நான்கு சதுரங்கள். முதல் வெட்டில் சதுரம் கெடுகிறது, இரண்டாம் வெட்டில் மீண்டுவிடுகிறது.