ஓட்டுப் போட்டவர் யார்?

வீட்டில் பருப்புப் பொடி அரைத்து இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒருவர், காரம் தூக்கலாக ஒரு புதுப் பொடி போடலாமா என்று யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோரியில் 'காரப் பொடி வேண்டுமா?' என்று போல் வைக்கிறார். ஓட்டுப் போட்ட 60 பேரில் 45 பேர் 'வேண்டும்' என்கிறார்கள். 75 சதவீதம்! உடனே பத்து கிலோ மிளகாய் வாங்கக் கை பரபரக்கும்.

அதற்கு முன் அந்த ஸ்டோரியைத் திறந்து மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது பெயரோடு அங்கே இருக்கும். அந்தப் பெயர்களை ஆர்டர் நோட்டோடு ஒப்பிட்டால், இதுவரை பொடி வாங்கியவர்கள் 15 பேர்தான் என்று தெரிகிறது. அவர்களில் 10 பேர் 'வேண்டாம்' என்றவர்கள். 'வேண்டும்' என்ற கூட்டத்தில் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள், கல்லூரித் தோழிகள். அவர்களில் சிலர் நாளை வாங்கவும் கூடும். ஆனால் விரலால் ஒரு தட்டு தட்டக் காசு செலவில்லை. பெயர் தெரியும் என்பதால் மனம் நோகாத பதிலைத்தான் தட்டுவார்கள்.

கேள்வியிலும் கோளாறு இருக்கிறது. 'வேண்டுமா' என்றால் 'வேண்டும்' என்பது இயல்பு. நடந்ததைக் கேட்டால் பதில் மாறும்: 'போன மாதம் வாங்கிய பொடி என்ன ஆயிற்று?' காலி, பாதி இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என மூன்று பதில் கொடுக்கலாம். 'பாதி' என்றவர்களுக்குத் தனியே மெசேஜ் அனுப்பிக் காரணம் கேட்டால், 'பிள்ளைகளுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை' என்றோ, 'பாக்கெட் பெரிதாக இருக்கிறது' என்றோ சொல்வார்கள்.

நாம் நினைத்தே பார்க்காத பதில் வேண்டுமென்றால் கேள்விப் பெட்டிதான் சரி. 'பொடியை எதோடு சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால், சோற்றுக்கென்று அரைத்த பொடியைப் பலர் இட்லிக்குத் தொட்டுக்கொள்வது தெரியவரலாம். அடுத்த போலில் வைக்க வேண்டிய பதில்களை அவர்கள் வார்த்தையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

வினாடி வினாவின் வேலை வேறு. 'பிரித்த பொடி எத்தனை நாள் தாங்கும்?' என்பதற்குப் பாதிப் பேர் தவறாகத் தட்டினால், லேபிளில் அந்த விவரம் கண்ணில் படும்படி இல்லை என்று அர்த்தம்.

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆர்கைவில் சேமிக்கும் வசதியை முன்கூட்டியே போட்டு வைத்தால், பிறகும் முடிவுகளை எடுத்துப் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் காரப் பொடி ஆசை விடவில்லையா? 'ஞாயிற்றுக்கிழமை அரைக்கிறோம், 200 கிராம், முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும்' என்று ஒரு ஸ்டோரி போடுங்கள். 'வேண்டும்' என்ற 45 பேரில் நான்கு பேர் பணம் அனுப்பினால், அரைக்க வேண்டியது 800 கிராம்.