குளிர் அறையில் மாறும் எண்

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பயிற்சி மாணவரிடம் பெரும்பாலும் முதலில் ஒப்படைக்கப்படும் வேலை டிரிஸ் பஃபர் தயாரிப்பது. புரதத்தைச் சுற்றியுள்ள நீரின் அமில-காரத் தன்மை சட்டென்று மாறிவிடாமல் பிடித்து வைக்கும் கரைசல் அது. ஒரு மோலார் செறிவு, பிஎச் 8.0, அரை லிட்டர் என்று கேட்டால் கணக்கு எளிது. டிரிஸின் மோலார் நிறை 121.14 கிராம். அரை லிட்டருக்கு அதில் பாதி, அதாவது 60.57 கிராம். அதைத் தராசில் நிறுத்து எடுப்பதும் கடினமில்லை. சிக்கல் தண்ணீர் ஊற்றும்போதுதான் தொடங்குகிறது.

அரை லிட்டர் கரைசல் வேண்டுமென்றால் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றக் கூடாது. அறுபது கிராம் தூளும் கரைந்தபின் ஏறத்தாழ 45 மி.லி. இடத்தைப் பிடிக்கும். டிரிஸ் ஒரு காரம். கரைத்ததும் பிஎச் பத்துக்கு மேலே நிற்கும். அதை 8.0-க்கு இறக்க அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 21 மி.லி. தேவைப்படும். எல்லாம் சேர்ந்தால் கொள்ளளவு 565 மி.லி.யை ஒட்டி வந்துவிடும். ஒரு மோலார் என்று சீட்டு ஒட்டிய பாட்டிலில் இருப்பது 0.88 மோலார்தான். எனவே 350 மி.லி. தண்ணீரில் தூளைக் கரைத்து, அமிலம் சேர்த்து, பிஎச் சரியானபின் அளவுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். பீக்கரைக் கழுவிய நீரையும் அதிலேயே ஊற்றி, கடைசியாக 500 கோடுவரை தண்ணீர் நிரப்ப வேண்டும். பீக்கரில் அச்சிட்டிருக்கும் கோடுகள் உத்தேசமானவை. அவற்றை நம்பக் கூடாது.

கவலை தருவது பன்னிரண்டு சதவீதப் பிழையைவிட, அது கண்ணில் படாமல் இருப்பது. பிஎச் மானி 8.0 என்றே காட்டும். அமிலத்தை ஏற்ற டிரிஸுக்கும் ஏற்காத டிரிஸுக்கும் உள்ள விகிதம்தான் பிஎச்சை முடிவு செய்கிறது. மொத்தத்தில் எவ்வளவு டிரிஸ் இருக்கிறது என்பது அந்த மானிக்குத் தெரியாது. சீட்டில் எழுதும் இரண்டு எண்களில் ஒன்றை மானி சரிபார்க்கும். மற்றொன்றுக்குத் தயாரித்தவரின் கைதான் பொறுப்பு.

இந்த இருப்புக் கரைசலிலிருந்து 50 மில்லிமோலார் பஃபர் 250 மி.லி. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். C1V1 = C2V2 என்ற சமன்பாடு சொல்வது ஒன்றுதான்: எடுத்த டிரிஸின் அளவு தண்ணீர் சேர்ப்பதால் கூடவும் குறையவும் செய்யாது. 1000 × V1 = 50 × 250; ஆக 12.5 மி.லி. எடுத்து 250 கோடுவரை நிரப்பினால் போதும். செறிவு இருபது மடங்கு குறைய வேண்டும் என்பதால், 250-ஐ இருபதால் வகுத்தும் விடையைச் சரிபார்க்கலாம். நீர்த்தபின் பிஎச் சிறிதளவு இறங்கும் என்பதால், பயன்படுத்தும் பஃபரை மறுபடி அளந்து பார்ப்பது நல்லது.

இனி வெப்பநிலை. டிரிஸின் பிஎச் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 0.028 குறையும். 25 டிகிரியில் 8.0 என்று அமைத்த பஃபரை 4 டிகிரி குளிர் அறைக்குக் கொண்டுபோனால், 21 டிகிரி வேறுபாட்டுக்கு 0.59 கூடி 8.6-ஐத் தொடும். யாரும் எதையும் சேர்க்கவில்லை; மூலக்கூறுகள்தான் தங்கள் புரோட்டானை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. டிரிஸ் புரோட்டானை விட்டுவிடுவதற்கு வெப்பம் தேவை. குளிரில் அது கிடைக்காததால் கரைசலில் திரியும் புரோட்டான்கள் குறைகின்றன, பிஎச் ஏறுகிறது.

0.6 அற்பமான எண்ணாகத் தோன்றலாம். மின்சுமை சமன்படும் பிஎச் 8.3-ஆக உள்ள ஒரு புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 8.0-இல் அதன் நிகர மின்சுமை நேர், 8.6-இல் எதிர். எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் தூண் வழியாக அறை வெப்பநிலையில் வழுக்கிப் போகும் புரதம், குளிர் அறையில் அதே பாட்டில் பஃபரில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒரு வாரம் புரதத்தைக் குறை சொல்லிவிட்டு, பிறகுதான் பாட்டிலைச் சந்தேகிப்பார்கள்.

மானியிலேயே வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது மின்முனையின் மின்னழுத்தத்தை அந்த வெப்பநிலைக்கேற்ப பிஎச்சாக மாற்றித் தருமே தவிர, வேறொரு வெப்பநிலையில் டிரிஸ் எப்படி இருக்கும் என்று சொல்லாது. அமிலம் சேர்க்கும்போது கரைசல் சூடாவதும் இதே வலைதான்: சூட்டோடு 8.0 என்று நிறுத்தினால், ஆறியதும் எண் மேலே போயிருக்கும். ஆறவிட்டுப் பார்த்து, கடைசி அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதே முறை. அமிலம் மிஞ்சிப் போனால் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மீட்கத் தோன்றும்; பிஎச் மீளும், ஆனால் கேட்காத உப்பு கரைசலில் தங்கிவிடும். உப்பின் அளவைப் பொறுத்துப் புரதம் பிரியும் சோதனை என்றால், கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவதே என் கட்சி.

வேலை நடப்பது குளிர் அறையில் என்றால், பஃபரையும் அங்கேயே குளிரவைத்து, மானியையும் அதே குளிரில் தரப்படுத்தி, பிறகு பிஎச் அமைக்கலாம். இல்லையெனில் ஒரு டிகிரிக்கு சுமார் 0.003 மட்டுமே நகரும் பாஸ்பேட்டுக்கு மாறலாம். ஆனால் அது 7-ஐ ஒட்டிய பகுதியில்தான் நன்றாகத் தாங்கும், கால்சியம் இருந்தால் வீழ்படிவாகவும் இறங்கிவிடும். எதைத் தேர்ந்தாலும் சீட்டில் செறிவு, பிஎச், தேதி இவற்றோடு, பிஎச் அளந்த வெப்பநிலையையும் எழுத வேண்டும்.