‘நவீனமாக, அழகாக’ என்று கேட்டால் என்ன கிடைக்கிறது?

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் முதன்முதலாக ஓர் இணையப் பக்கம் கேட்பவரின் பிராம்ப்டில் பெரும்பாலும் இரண்டு சொற்கள் இருக்கும்: நவீனமாக, அழகாக. ‘என் தையல் கடைக்கு நவீனமான, அழகான இணையப் பக்கம் ஒன்று செய்து கொடு’ என்று எழுதினால் சற்று நேரத்தில் பக்கம் வந்துவிடும். அது எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கும் முன்பே ஓரளவு ஊகித்துவிடலாம். மேலே ஊதாவிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் பின்னணி இருக்கும். அதன் நடுவில் பெரிய வெள்ளை எழுத்தில் ஒரு விளம்பர வாசகமும், மூலை வளைந்த இரண்டு பொத்தான்களும் இருக்கும். கீழே நிழலோடு மூன்று வெள்ளைப் பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறு சின்னம். பல் மருத்துவருக்குக் கேட்டாலும் உரக்கடைக்குக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பக்கம்தான் வரும்.

இதற்குக் காரணம் கருவியின் சோம்பல் அல்ல. இணையத்தில் கொட்டிக் கிடக்கும் பக்கங்களையும் அவற்றின் நிரல்களையும் படித்துத்தான் இந்தக் கருவிகள் பழகியிருக்கின்றன. குறிப்பாக எதுவும் சொல்லப்படாத இடங்களையெல்லாம் அவை தாம் அதிகம் பார்த்ததைக் கொண்டு நிரப்புகின்றன. அந்த ஊதா நிறத்தின் பின்கதையே இதற்கு நல்ல சான்று. டெயில்விண்ட் என்பது இணையப் பக்கங்களுக்கு வடிவம் கொடுக்க உலகெங்கும் பயன்படும் ஒரு நிரல் தொகுப்பு. அதை உருவாக்கிய ஆடம் வாதன், தம் மாதிரிப் பக்கங்களின் பொத்தான்களுக்கெல்லாம் `bg-indigo-500` என்ற கருநீல ஊதாவை வைத்திருந்தார். பல்லாயிரம் பேர் அதை அப்படியே எடுத்தாண்டார்கள். பின்னர் ஏ.ஐ. கருவிகள் செய்யும் பக்கமெல்லாம் ஊதாவாக வரத் தொடங்கியபோது, 2025-இல் அவர் அதற்காகப் பொதுவெளியில் விளையாட்டாக மன்னிப்புக் கேட்டார்.

‘நவீனம்’ என்ற சொல்லின் சிக்கல் இன்னும் ஆழமானது. அது சுட்டும் தோற்றம் காலத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஐபோன் திரையில் 2012 வரை தோலும் மரமும் கண்ணாடியும் போலத் தோன்றும் பளபளப்பான சின்னங்கள்தான் நவீனம். 2013-இல் ஐ.ஓ.எஸ். 7 வந்ததும் நிழலும் பளபளப்பும் இல்லாத தட்டையான தோற்றம் நவீனமாயிற்று. சில ஆண்டுகளில் நிழல்களும் நிறம் மாறும் பின்னணிகளும் திரும்பி வந்தன. இத்தனையையும் அந்தந்தக் காலத்தில் எழுதியவர்கள் நவீனம் என்றே குறித்தார்கள். ஆகவே அந்தச் சொல் எந்தத் திசையையும் காட்டுவதில்லை. ‘அழகு’ அதைவிடக் குறைவாகவே காட்டும், ஏனென்றால் அசிங்கமாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு சொல் பிராம்ப்டில் வேலை செய்யுமா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வந்த பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, கேட்டது அதில் இருக்கிறதா இல்லையா என்று ஒரே பதிலைச் சொல்ல முடியுமா? ‘அழகாக இருக்கிறதா’ என்றால் இருவர் இரண்டு பதில் சொல்வார்கள். ‘முதல் திரையில் ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கிறதா’ என்றால் இருவருக்கும் ஒரே பதில்தான். ‘படிக்க வசதியாக’ என்பது முதல் வகை, ‘எழுத்து 18 பிக்சல்’ என்பது இரண்டாம் வகை. பிராம்ப்டை அனுப்பும் முன் அதிலுள்ள ஒவ்வொரு பெயரடையையும் இப்படிச் சோதித்து, தேறாததன் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை எழுத வேண்டும்.

அந்தக் கண்ணுக்குத் தெரியும் ஒன்று எங்கிருந்து வரும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மனதில் ஒரு தோற்றம் இருக்கும், அதைச் சொல்லத் தெரியாது. பிடித்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் பிடித்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு, என்ன தெரிகிறது என்று மட்டும் எழுதிப் பார்த்தால் பாதித் தடுமாற்றம் தீரும். பின்னணி என்ன நிறம்? வெள்ளையா, சற்று மஞ்சள் கலந்த வெள்ளையா? மொத்தம் எத்தனை நிறங்கள்? படம் திரையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது? எழுத்து இடப்பக்கம் ஒட்டியிருக்கிறதா, நடுவில் நிற்கிறதா? ஒரு பத்திக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வரி அளவு வெற்றிடம் இருக்கிறது? ‘நவீனம்’ என்று ஒருவர் மனதில் வைத்திருந்தது இரண்டே நிறங்களும் நிறைய வெற்றிடமும்தான் என்பது பெரும்பாலும் இங்கே வெளிப்பட்டுவிடும். அப்படியானால் எழுத வேண்டியது அந்த இரண்டு நிறங்களையும் அந்த வெற்றிடத்தின் அளவையும்தான்.

தையல் கடைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் போனில் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேண்டியவை பிளவுஸ் மாதிரிகளும் கூலியும், கடை எங்கே, எப்போது திறந்திருக்கும் என்பதும்தான். இதை வைத்து எழுதிய பிராம்ப்ட் இப்படி அமையும்:

```
பிளவுஸ் தைக்கும் கடைக்கு ஒரே ஒரு HTML பக்கம் வேண்டும்.
பார்ப்பது 360 பிக்சல் அகலத் திரையுள்ள போனில்.
முதல் திரையில்: கடையின் பெயர், ஒரு பிளவுஸ் படம்,
"வாட்ஸ்அப்பில் கேளுங்கள்" என்ற ஒரே பொத்தான்.
அதன் கீழே: கூலிப் பட்டியல். பிறகு முகவரி, கடை நேரம்.
பின்னணி #fffaf0. எழுத்து #2b2b2b.
பொத்தான் மட்டும் #7a1f2b, அதில் வெள்ளை எழுத்து.
எழுத்துரு Noto Sans Tamil, 18 பிக்சல், வரி உயரம் 1.7.
தலைப்பு 28 பிக்சல். பொத்தான் உயரம் 48 பிக்சல்.
நான் தராத விலை, எண், வாடிக்கையாளர் கருத்து சேர்க்காதே.
அந்த இடத்தில் [நிரப்பவும்] என்று விடு.
```

இதில் அழகு என்ற சொல்லே இல்லை. நிறங்களைக் குறிக்கும் ஆறெழுத்துக் குறியீடுகள் மிரட்டலாம், ஆனால் அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இணையத்தில் கிடைக்கும் நிறத்தேர்வுக் கருவியில் வேண்டிய நிறத்தைத் தொட்டால் குறியீடு தெரியும். முதலாவது தந்த வெண்மை, இரண்டாவது கருப்புக்கு நெருங்கிய சாம்பல், மூன்றாவது அரக்கு. ‘அரக்கு நிறம்’ என்று எழுதினாலும் கருவி ஏதோ ஓர் அரக்கைத் தரும். ஆனால் பக்கத்தை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அது சற்று மாறக்கூடும், குறியீடு மாறாது.

எண்களில் சில தமிழ்ப் பக்கத்துக்கென்றே தேவைப்படுபவை. கருவிகள் பார்த்துப் பழகிய பக்கங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. அங்கே முகப்புத் தலைப்பு 48 பிக்சலுக்கு மேல் பெரிதாக இருப்பது வழக்கம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ‘வேலைப்பாடுகளுடன்’ போன்ற ஒரு சொல்லை அந்த அளவில் வைத்தால் 360 பிக்சல் திரைக்குள் அடங்காமல் வெளியே வழியும், அல்லது சொல் நடுவில் முறியும். அதனால்தான் 28. வரி உயரம் 1.7 என்பதும் அப்படித்தான்: ‘கி’, ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் மேல்வளைவும் கீழ்வளைவும் அடுத்த வரியோடு நெருக்கினால் பத்தி முழுதும் இறுகிப்போய்விடும்.

எழுத்து நிறத்தைத் திட்டமாகச் சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. ‘நேர்த்தியாக’, ‘மென்மையாக’ என்று கேட்டால் வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து வருவது வாடிக்கை. அப்படிப் பரவலாகப் பயன்படும் `#9ca3af` என்ற சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இடையிலான வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 2.5 மட்டுமே. பார்வைக் குறைபாடு உள்ளவர்களையும் எண்ணி வகுக்கப்பட்ட சர்வதேச இணைய அணுகல் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கு அந்த விகிதம் குறைந்தது 4.5 ஆவது இருக்க வேண்டும் என்கிறது. கருப்புக்கும் வெள்ளைக்கும் அது 21. மேலே தந்த அரக்குப் பொத்தானில் வெள்ளை எழுத்துக்கு ஏறக்குறைய 10 வருகிறது. குரோம் உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறந்து எழுத்தின் மேல் சுட்டியை வைத்தால் இந்த விகிதம் காட்டப்படும். ஆகவே இது வாதத்துக்கு உரிய விஷயமாக இல்லாமல், பார்த்துச் சரிசெய்யும் விஷயமாகிவிடுகிறது.

பிராம்ப்டின் கடைசி இரண்டு வரிகள் தோற்றத்தைப் பற்றியவை அல்ல, ஆனால் விட்டுவிடக் கூடாதவை. இடத்தை நிரப்பும் அதே பழக்கத்தால் ‘500-க்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்றும், இல்லாத ஒருவர் பெயரில் ஐந்து நட்சத்திரப் பாராட்டு என்றும் கருவி தானாக எழுதிவிடும். ‘நம்பகமான தோற்றம்’ என்று கேட்டிருந்தால் இது இன்னும் மோசமாகும். கடைக்காரர் கவனிக்காமல் வெளியிட்டால் அது அவர் சொன்ன பொய்யாகத்தான் நிற்கும்.

முதல் முறையிலேயே எல்லாம் சரியாக வந்துவிடாது. அப்போது ‘இன்னும் அழகாக்கு’ என்று எழுதினால் பழைய ஊதாப் பக்கத்தின் பக்கமே சறுக்கல் தொடங்கும். நன்றாக வந்திருந்த பகுதிகளும் சேர்ந்து மாறும். எங்கே, என்ன இருக்கிறது, என்ன ஆக வேண்டும் என்ற மூன்றையும் சொல்வதே பலன் தரும்: ‘கூலிப் பட்டியலில் விலைகள் பெயரை ஒட்டி நிற்கின்றன. விலைகளை வலது ஓரத்தில் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்து. மற்ற எதையும் மாற்றாதே.’ வேண்டாததை மட்டும் சொல்வதும் போதாது. ‘ஊதா வேண்டாம்’ என்றால் நீலம் வரும், நீலம் வேண்டாம் என்றால் பச்சை வரும். வேண்டிய நிறத்தைச் சொல்லிவிட்டால் அந்தச் சுற்று நிற்கும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. இணையப் பக்கத்தில் எண்கள் பலிப்பதற்குக் காரணம், நிரலே அந்த எண்களால் எழுதப்படுவதுதான். 18 பிக்சல் என்று கேட்டால் நிரலில் 18 என்று எழுதப்படும். படம் வரையும் கருவிகளிடம் நிறக் குறியீடும் பிக்சல் அளவும் அந்த அளவுக்குச் செல்லுபடியாகாது. அங்கே பொருள், வெளிச்சம் வரும் திசை, எவ்வளவு அருகிலிருந்து பார்ப்பது போன்றவற்றைச் சொல்வதே உதவும்: ‘ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழ, மேசையில் மடித்து வைத்த பச்சைப் பட்டு பிளவுஸ், கை ஓரத்தில் ஜரிகை’ என்பதுபோல. இணையப் பக்கத்திலும் அளவுக்கு மீறி ஒவ்வொரு கோட்டுக்கும் எண் கொடுத்தால் ஒன்றோடொன்று முரண்படும். எதை மாற்றினால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியுமோ அதற்கு மட்டும் எண் போதும், மற்றதைக் கருவியிடம் விடலாம்.

பக்கம் முடிந்துவிட்டது என்று சொல்லும் முன், கணினித் திரையில் பார்த்ததோடு நிறுத்திவிடாமல், கடைக்கு வரும் ஒருவரின் சாதாரணப் போனில் வாசல் வெயிலில் அதைத் திறந்து பாருங்கள். விலை படிக்க முடிகிறதா, பொத்தான் ஒரே தொடலில் வாட்ஸ்அப்பைத் திறக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். அங்கே கண்ட குறையை அப்படியே அடுத்த பிராம்ப்டில் எழுதுங்கள்.