f/22-இல் படம் ஏன் மழுங்குகிறது?

அருகிலுள்ள பாறை முதல் தொலைவு மலை வரை எல்லாம் தெளிவாக விழ வேண்டும் என்று பலர் அப்பர்ச்சரை f/22 வரை சுருக்கிவிடுகிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் படம் முழுக்க லேசான மழுக்கம் தெரியும்.

காரணம், ஒளியின் அலைத்தன்மை. சிறு துளையில் நுழையும் ஒளி விரிந்து பரவுவதால், ஒரு புள்ளி சென்சாரில் சிறு வட்டாக விழுகிறது. பச்சை ஒளிக்கு அதன் விட்டம் f/5.6-இல் சுமார் 7.5 மைக்ரான், f/22-இல் சுமார் 30. ஆனால் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரு பிக்சலின் அகலமோ ஏறத்தாழ 4 மைக்ரான்தான். இதை விலை உயர்ந்த லென்ஸாலும் தவிர்க்க முடியாது.

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தாலோ லென்ஸின் சொந்தக் குறைகள் வெளிப்படும். இரண்டுக்கும் நடுவில்தான் அதன் கூர்மையான இடம்.

உங்கள் 50 மி.மீ. f/1.8 லென்ஸில் அதைக் கண்டுபிடிக்க, சுவரில் செய்தித்தாளை ஒட்டி, கேமராவை முக்காலியில் சுவருக்கு நேராக நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடி டைமர். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் கையால் ஃபோக்கஸ் செய்து, f/1.8 முதல் f/22 வரை ஒவ்வொரு ஸ்டாப்பாக எடுங்கள். கணினியில் 100 சதவீத அளவில் நடுவையும் மூலையையும் ஒப்பிடுங்கள். இத்தகைய லென்ஸ்களில் பெரும்பாலும் f/5.6, f/8 ஆகியவையே முந்தும்.

திறந்த நிலையில் மூலைகள்தான் அதிகம் மங்கும். F/22-இல் படம் முழுதும் ஒரே சீராக மழுங்கும். ஆழம் அவசியமானால் f/11 வரை தயங்காமல் போகலாம். அந்தச் சிறு இழப்பை எடிட்டிங்கில் ஷார்ப்பனிங் பெருமளவு ஈடுகட்டிவிடும்.