ஐயாவுக்கு ஒரு கணக்கு

என் தங்கை திருப்பூரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்து ஒரு வருடம் முடிந்த வாரத்தில், ஒரு தாளை என் முன்னால் நீட்டினாள். "அக்கா, ஐயாவுக்கு எழுதியிருக்கேன். படிச்சுப் பாரு." ஐயா என்று அவள் சொல்வது காங்கேயத்துப் பெரியவரை. எங்கள் அப்பாவின் சிநேகிதர். 40 வருடம் செக்கு ஓட்டியவர். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதும் செக்கை நிறுத்திவிட்டார். இவள் தொழில் தொடங்கிய முதல் இரண்டு மாதம், வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் அவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள்.

தாளைப் படித்தேன். தங்கள் பொன்னான ஆலோசனைகளும் ஆசீர்வாதமுமே என் வளர்ச்சிக்குக் காரணம், என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன் என்று நல்ல கையெழுத்தில் ஒரு பக்கம். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'ஐயா' என்பதை எடுத்துவிட்டு 'டாக்டர்' என்றோ 'வாத்தியார்' என்றோ போட்டாலும் அந்தக் கடிதம் அப்படியே செல்லும். செக்கு என்ற சொல்கூட அதில் இல்லை.

"அவர் உனக்கு என்னதான் சொன்னாரு?" என்று கேட்டேன். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். நடுவில் எழுந்து போய் கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்தாள். அவள் எழுத வேண்டிய கடிதம் அந்த நோட்டில் இருந்தது.

முதல் மாதம் நடந்தது இதுதான். 10 கிலோ கடலைப் பருப்பு ஆட்டினால் 5 லிட்டர் எண்ணெய் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி விலை போட்டிருந்தாள். அப்போது அவள் வாங்கிய பருப்பு, வண்டி வாடகை சேர்த்து கிலோ 120 ரூபாய். 10 கிலோவுக்கு 1,200. கூலி, கரண்ட், கடை வாடகையில் ஒரு பங்கு என்று 220. மொத்தம் 1,420. புண்ணாக்கு 5 கிலோ 400 கிராம், கிலோ 35 ரூபாய்க்குப் போகும், அதில் 189 ரூபாய் திரும்பி வரும். மீதி 1,231 ரூபாய் எண்ணெயின் அடக்கம். அதை 5 லிட்டருக்குப் பங்கிட்டு, பாட்டில், லேபிளுக்கு 15 ரூபாய் சேர்த்தால் லிட்டர் 261 ரூபாய் சொச்சம். மளிகைக் கடைகளுக்கு 280 என்று போட்டாள். லிட்டருக்கு 19 ரூபாய் நிற்கிறது என்ற சந்தோஷத்தில் 200 லிட்டர் கொடுத்தும் விட்டாள்.

பெரியவர் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எண்ணெயை எதுல அளந்த?" என்று கேட்டார். லிட்டர் படியில் என்றாள். "ஆட்டுன சூட்டுல நுரையும் கசடும் சேர்ந்து நிக்கும் கண்ணு. படியில அளந்தா அது உன்னை ஏமாத்தும். மூணு நாள் தெளிய விடு, தெளிஞ்சதை மட்டும் வடிச்சு தராசுல வை. கடலெண்ணெய் லிட்டருக்கு 910 கிராம்தான். எடையை எழுதிட்டு வா, அப்புறம் பேசலாம்."

பருப்பை எடையில் வாங்கி எண்ணெயை அளவையில் விற்கும் தொழில் இது. எண்ணெய் தண்ணீரை விட லேசு என்பதால் ஒரு கிலோ எண்ணெய் ஒரு லிட்டருக்கு மேலே வரும். அந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் கணக்கைக் குழப்பிக்கொள்கிறார்கள். 20 தடவை ஆட்டி, 20 தடவையும் எடை போட்டு எழுதினாள். சராசரி 4 கிலோ 100 கிராம். 910 கிராமால் வகுத்தால் நாலரை லிட்டர். 5 லிட்டர் ஒரு நாளும் வரவில்லை. 1,231 ரூபாயை நாலரையால் வகுத்து பாட்டில் செலவைச் சேர்த்தால் லிட்டருக்கு 288 ரூபாய் 50 காசுக்கு மேல். 280-க்குக் கொடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் எட்டரை ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. 200 லிட்டருக்கு 1,700 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கடைகள் இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. விற்பனை ஏற ஏற நஷ்டமும் ஏறியிருக்கும். கல்லாவில் பணம் புரளும்வரை அது தெரிந்திருக்காது. கடை விலையை 310 ஆக்கினாள். எடுத்துக்கொண்டிருந்த 5 கடைகளில் 2 கடைகள் நின்றுபோயின.

"இதை எழுது" என்றேன். "இதெல்லாம் அவருக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது. எடை போடச் சொன்னது அவருக்கு நினைவிருக்கலாம். 20 தடவையும் எடை போட்டாள் என்பதும், என்ன எடை வந்தது, அதனால் எந்த விலை மாறியது என்பதும் அவருக்குத் தெரியாது. யோசனை சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகும் மனிதருக்கு அந்த யோசனை என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. வெற்றி பெற்றவர்கள் இனிப்பு டப்பாவோடு வருகிறார்கள், காலில் விழுகிறார்கள், போகிறார்கள். எந்தச் சொல் உதவியது என்பது சொன்னவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட கடிதத்தில் நன்றி என்ற சொல்லை விடக் கணக்குக்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு வருடம் சரியான இடைவெளி. எண்ணெய்த் தொழிலில் ஒரு வருடத்துக்குள் எல்லாம் ஒருமுறை வந்து போய்விடும். மானாவாரிக் கடலை ஐப்பசி வாக்கில் சந்தைக்கு வரும், இறவைக் கடலை பங்குனி, சித்திரையில் வரும். தீபாவளி விற்பனை, அடைமழை, கோடை எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு மாதத்தில் எழுதியிருந்தால் பாதிக் கதைதான் இருந்திருக்கும்.

அடுத்ததுதான் சங்கடமான இடம். நோட்டில் கார்த்திகை மாதப் பக்கத்தில் "120 கிலோ" என்று எழுதி இரண்டு கோடு அடித்திருந்தாள். அதை மட்டும் கேட்காதே என்றாள். கேட்டேன்.

மழைக்காலத்தில் பருப்பை வாங்கி அடுக்காதே, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடு என்று பெரியவர் சொல்லியிருந்தார். பருப்பு காய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லிக் கொடுத்திருந்தார். பல்லில் வைத்தால் மடக்கென்று உடைய வேண்டும், மென்றால் வளையக் கூடாது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சிவப்புத் தோல் உரிந்து வர வேண்டும். மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து முகர்ந்தால் மக்கல் வாடை வரக் கூடாது. இவ்வளவும் தெரிந்தும், விலை இறங்கியிருக்கிறதே என்று மொத்தமாக வாங்கிச் சுவரோரம் வெறுந்தரையில் அடுக்கிவிட்டாள். இரண்டு வாரம் வெயிலே இல்லை. அடிமூட்டைகளைப் பிரித்தபோது பருப்பின் மேல் பச்சையாகப் பூஞ்சை.

வெயிலில் போட்டு, பொறுக்கி, மற்றதோடு கலந்து ஆட்டிவிடலாம் என்று கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அது கூடாது. கடலையில் வரும் அந்த வகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும் நஞ்சு அது. காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், ஏற்கெனவே ஊறிய நஞ்சு போகாது. ஆலை எண்ணெய்க்குச் சுத்திகரிப்பு உண்டு, செக்கு எண்ணெய்க்கு அது கிடையாது. நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் வரும். 120 கிலோவை அவள் ஆட்டவில்லை. 14,400 ரூபாய் போனது.

"சொன்ன பேச்சைக் கேட்காம நஷ்டப்பட்டதை நன்றிக் கடிதத்துல எழுதுவாங்களா அக்கா? அவரு மனசு கஷ்டப்படாதா?" என்று கேட்டாள். நான் எழுதச் சொன்னேன். அவர் சொன்னதில் சரியாக இருந்ததை மட்டும் எழுதினால் அது பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும். இதையும் எழுதினால், அவர் வார்த்தையை அவள் ஒரு வருடம் முழுக்க மனதில் வைத்திருந்தாள் என்பது தெரியும்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்றேன். பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு எண்ணெயை அப்படியே ஊற்றிக் கொடு என்று அவர் சொல்லியிருந்தார். அவர் காலத்து வழக்கம் அது. சமையல் எண்ணெயை அடைத்து லேபிள் ஒட்டாமல் சில்லறையாக விற்பதை 2011-ஆம் வருட உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. தங்கை விதிப்படிதான் செய்கிறாள். பெரியவர் சொன்னது இப்போது பொருந்தாது என்பதை நேரில் பார்க்கும்போது பேச்சுவாக்கில் சொல்லிக்கொள்ளலாம். உதவியும் கேட்க வேண்டாம் என்றேன். இரண்டாவது செக்குக்குக் கடன் வாங்க ஒரு ஆள் தெரிய வேண்டியிருந்தது அவளுக்கு. அதைக் கடைசி வரியில் சேர்த்தால், மேலே எழுதியதெல்லாம் அதற்குப் போட்ட முன்னுரை ஆகிவிடும்.

இரண்டாவது தடவை எழுதிய கடிதத்தை, அவள் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

"அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம். கடை திறந்து இந்த வெள்ளியோடு ஒரு வருடம் ஆகிறது. எண்ணெயை எதில் அளந்தாய் என்று நீங்கள் கேட்ட அன்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. விலை கேட்க வந்தால் படியைக் கேட்கிறாரே என்று. திரும்பி வந்து 20 தடவை எடை போட்டேன். 4 கிலோ 100-தான் நின்றது. 280-க்குக் கொடுத்தது நஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இன்றைக்கும் தெளிந்த பிறகு எடை போட்டுத்தான் பாட்டிலில் அடைக்கிறோம். கார்த்திகையில் பருப்பு அடுக்காதே என்றீர்கள். நான் கேட்கவில்லை. 120 கிலோ பூத்துப் போனது. உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு மாதம் வராமல் இருந்தேன். இப்போது மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் மூட்டை வைக்கிறேன். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பருப்பைக் கடித்துப் பார்க்கிறேன். கடிக்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான் வரும். இப்படிக்கு, உங்கள் மகள் மாதிரி."

2 ரூபாய் 50 காசு இன்லண்ட் லெட்டரில் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்குள் வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது தபால் விதி. நோட்டுப் பக்கத்தின் நகல் வைக்க வேண்டியிருந்ததால் உறை வாங்கி 5 ரூபாய் தபால்தலை ஒட்டினாள்.

புதன்கிழமை போட்ட கடிதம். சனிக்கிழமை காலையில் போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். "கடுதாசி வந்துச்சு கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த 120 கிலோவை என்ன பண்ணுன? மாட்டுக்கு எதுவும் போடலையே?" என்று கேட்டார்.

"குழி வெட்டிப் புதைச்சுட்டனுங்க ஐயா" என்றாள்.

"அதான் சரி" என்றார்.